கீழே கையொப்பமிடும் நான்

“நீயே எழுதிக்கொண்டு வாப்பா, நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.” வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகள் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் போனால், பத்துக்கு எட்டு மேலதிகாரிகளும் பேராசிரியர்களும் சொல்லும் பதில் இதுதான். பெருந்தன்மை போலத் தெரிகிறது. பிள்ளைக்கு இதைவிடப் பெரிய கெடுதல் கிடையாது என்பது என் கட்சி.

இப்போது இந்தக் கடிதம் தபாலில் போவதில்லை. விண்ணப்பிக்கிற பையன் பரிந்துரைப்பவரின் பெயரையும் மின்னஞ்சலையும் மட்டும் கொடுக்கிறான். பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் அவருக்கு நேரடியாக ஓர் இணைப்பு அனுப்புகின்றன. இவரை எத்தனை காலமாகத் தெரியும், எந்த முறையில் தெரியும், நீங்கள் பார்த்தவர்களில் இவர் முதல் ஐந்து சதவீதத்தில் வருவாரா, பத்தில் வருவாரா என்று பல இடங்களில் கேட்கிறார்கள். அதன் பிறகுதான் கடிதம். பையன் அதைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறானா என்றுகூட அமெரிக்காவில் கேட்டு எழுதி வாங்குகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது, பையன் சொல்ல முடியாத ஒன்றை வேறொருவர் சொல்வது. அதையும் பையனே எழுதிவிட்டால் அங்கே படிக்க என்ன இருக்கிறது?

செங்கல்பட்டில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுப் பையன், ஒரு தனியார் நிறுவனத்தில் இளநிலைப் பொறியாளர். நீர்வளத்தில் மேற்படிப்புக்காக ஐரோப்பாவுக்கு விண்ணப்பம் போடுகிறான். அவன் அப்பா, “சார், இங்கிலீஷ் சரியா இருக்கான்னு ஒரு பார்வை பாருங்க” என்று கடிதத்தைக் கொண்டுவந்தார். மேலாளர் சொன்னபடி பையனே எழுதியது. கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், குழுவோடு ஒத்துப்போகிறவர், தலைமைப் பண்பு மிக்கவர். ஆங்கிலத்தில் பிழையே இல்லை. பெயரை மாற்றினால் வங்கிக் காசாளருக்கும் பொருந்தும், நாதஸ்வர வித்வானுக்கும் பொருந்தும்.

நான் பையனைக் கூப்பிட்டு, “இரண்டு வருஷமா என்னப்பா வேலை செய்தாய்?” என்று கேட்டேன். பாலாறு கடலில் சேரும் வாயலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பதினான்கு கிணறுகளின் உப்பளவை மாதாமாதம் அளந்தானாம். ஒரு கோடையில் ஒரு கிணற்றில் மட்டும் உப்பு விறுவிறுவென்று ஏறியிருக்கிறது. கடல்நீர் உள்ளே வந்துவிட்டது என்று எழுதி முடிக்கப் பார்த்தார்கள். இவன் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கிணற்றுக்குக் கிழக்கே, கடலுக்கு இன்னும் அருகில் இருக்கும் இரண்டு கிணறுகளில் உப்பு ஏறவே இல்லையே என்று கேட்டிருக்கிறான். கடல் வந்தால் கிழக்கிலிருந்துதானே வரவேண்டும்? நேரில் போய்ப் பார்த்தால், கிணற்றுக்கு மேற்கே புதிதாக ஓர் இறால் குட்டை. உப்புநீர் அங்கிருந்து கசிந்திருக்கிறது. அறிக்கையைத் திருத்தினார்கள்.

இது கடிதத்தில் எங்கே? ஒரு வரிகூட இல்லை. “அதைப் போய் நானே எப்படி எழுதுவது, தற்பெருமை மாதிரி இருக்குமே” என்றான். பாருங்கள், இதுதான் கோளாறு. கூச்சமுள்ள பிள்ளை தன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால், இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதத்தின் உயர்வுநவிற்சிக்குள் ஒளிந்துகொள்வான். கூச்சமில்லாதவன் பொய் எழுதுவான். அவன் செய்ததை நேரில் பார்த்த மேலாளர்தான் இதை எழுத முடியும்.

உடனே சிலர் கேட்பார்கள்: “ஐயா, நீங்களும் குமாஸ்தாதானே? அதிகாரி கையெழுத்திடும் கடிதம் எல்லாம் நீங்கள் எழுதிய வரைவுதானே?” உண்மை. முப்பது வருடத்துக்கு மேல் வரைவு எழுதினேன். வரைவுக்குப் பின்னால் கோப்பு இருக்கும், அதிகாரி புரட்டிப் பார்த்து அடித்துத் திருத்துவார். ஆனால் எந்தக் குமாஸ்தாவும் தன்னுடைய ரகசியக் குறிப்பேட்டில் அதிகாரியின் மதிப்பீட்டைத் தானே எழுதி, அவரிடம் கையெழுத்துக்கு நீட்டியதில்லை. பரிந்துரைக் கடிதம் வரைவு இனத்தைச் சேர்ந்ததல்ல, ரகசியக் குறிப்பேட்டின் இனம்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே சான்றுக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது முதல் இரண்டு சொற்கள் “ழெ சூசிஞே”. “கீழே கையொப்பமிடும் நான்” என்று பொருள். பிறகு தன் பெயர், தன் பதவி, அதன்பிறகே சான்று. யார் பார்த்தது, யார் பொறுப்பு என்பது முதல் வரியிலேயே கட்டுப்பட்டுவிடும். நம் ஊர்க் கடிதத்தில் அந்த “நான்” கடைசியில் வெறும் கிறுக்கலாகவும் ரப்பர் முத்திரையாகவும் நிற்கிறது.

“குறை நிறை எல்லாம் உள்ளபடி எழுதினால் பிள்ளைக்கு இடம் போய்விடாதா?” என்று கேட்பவர்களுக்கு, நம் சென்னையிலேயே எழுதப்பட்ட ஒரு கடிதத்தைச் சொல்கிறேன். 1913 பிப்ரவரியில், வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது, துறைமுகக் கழகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு குமாஸ்தாவின் கணக்குகளை அவரிடம் காட்டினார். மாதம் 30 ரூபாய்ச் சம்பளக் குமாஸ்தா ராமானுஜன். வாக்கர் 1889இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம் பெற்றவர். அவர் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதிய கடிதத்தில் நான்கு விஷயங்கள் இருந்தன. பார்த்த கணக்குகள் புதுமையில் கேம்பிரிட்ஜ் கல்லூரி ஆய்வாளர் ஒருவருடையதற்கு ஒப்பானவை என்றார். ஆனால் அவற்றில் முழுமையும் துல்லியமும் போதவில்லை என்றார். இந்தக் கிளை தன் துறையல்ல, ஆகவே நம்பகமாக எடைபோடத் தன்னால் இயலாது என்றும் ஒப்புக்கொண்டார். முடிவில், பிழைப்புக் கவலையில்லாமல் சில வருடங்கள் இவர் கணிதமே செய்யப் பல்கலைக்கழகம் உதவுவது நியாயம் என்று கேட்டார். குறையும் எழுதினார், தன் எல்லையையும் எழுதினார். பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. மறுவருடம் ராமானுஜன் கப்பல் ஏறினார்.

வாக்கர் குறையை மறைக்காததால்தான் அவர் சொன்ன நிறை நம்பப்பட்டது. எல்லாரையும் முதல் ஐந்து சதவீதத்தில் போடும் மேலாளரின் பேச்சு அடுத்த வருடம் அதே கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும் உதவாது.

“நேரமில்லை” என்ற சாக்குக்கு வழி இருக்கிறது. பையன் தகவல்களைத் தரலாம், தீர்ப்பைத் தரக்கூடாது. நம் பையனிடம் ஒரு பக்கம் எழுதச் சொன்னேன்: எந்தத் தேதி முதல் வேலை, எத்தனை கிணறு, எந்த மாதம் என்ன நடந்தது, எந்தப் படிப்பு, கடைசித் தேதி என்ன. உரிச்சொல் ஒன்றுகூடக் கூடாது என்றேன். அதை மேலாளரிடம் கொடுத்து, “சார், உங்களுக்கு நினைவிருப்பதை நீங்களே எழுதுங்கள்” என்று கேட்டான். அவர் முனகிவிட்டு, அரைமணி நேரத்தில் எழுதினாராம். என்ன எழுதினார் என்று பையனுக்குத் தெரியாது. அதுதான் சரி.

இதைப் படிக்கும் ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் பேராசிரியர்களையும் இன்றைக்கும் பழைய மாணவர்கள் தேடி வருவார்கள். அவன் செய்த ஒரு வேலையாவது உங்கள் நினைவில் இருந்தால் நீங்களே எழுதுங்கள், உடைந்த ஆங்கிலமானாலும் பரவாயில்லை. ஒன்றுமே நினைவில் இல்லையென்றால், “எனக்கு உன்னைப் போதுமான அளவு தெரியாதப்பா, தெரிந்தவரிடம் போ” என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கடைசித் தேதிக்கு முன்னால் இன்னொருவரைத் தேட அவனுக்கு நேரமாவது இருக்கும்.