யார் சாண் சரி?

இரண்டாம் வகுப்பில் ஒரு போட்டி: பெஞ்சு எத்தனை சாண்? முதலில் கண்ணால் பார்த்து ஊகம் சொல்ல வேண்டும். பிறகுதான் கை வைக்கலாம். ஊகமும் அளவும் நெருங்கினால் வெற்றி.

ஒரு சிறுமிக்கு எட்டு. டீச்சருக்கோ ஆறு! "டீச்சர் ஏமாத்துறாங்க!" பக்கத்துப் பையனுக்குப் பத்து, சுண்டுவிரல் தொட்ட இடத்தில் கட்டைவிரலை வைக்காமல் உள்ளே தள்ளி வைத்திருந்தான்.

சிறுமியின் சாண் நீளத்துக்குச் சணல் கயிறு வெட்டினார்கள். (எலாஸ்டிக் வேண்டாம், இழுத்தால் நீளும்!) இப்போது யார் அளந்தாலும் எட்டு. வராந்தாவைக் காலடியால் அளந்தபோதும் இதே சண்டை, இதே கயிறு.

அடுத்து எடை. பெரிய பொரிப் பையா, சின்ன உப்பு பாக்கெட்டா? பாதி வகுப்பு பொரிக்குக் கை தூக்கியது. ஹேங்கரின் இரு முனைகளிலும் மாட்டினால், உப்புப் பக்கம் சட்டென்று தாழ்ந்தது.