ஆள் இல்லை, பிறவி உண்டு

காவிரி இரண்டாகப் பிரிந்து மீண்டும் ஒன்றாகச் சேரும் இடத்தில், ஒரு தீவாகக் கிடக்கிறது ஸ்ரீரங்கப்பட்டணம். ஆதிரங்கனைச் சேவிக்கத் தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களில் பலர், அப்படியே மைசூர், ஹுன்சூர் வழியாகக் குடகுப் பக்கம் ஒரு நடை போய் வருவார்கள். வழியில் பைலகுப்பே. 1960களின் தொடக்கத்தில் அன்றைய மைசூர் மாநில அரசு கொடுத்த நிலத்தில் திபெத்திய அகதிகள் உருவாக்கிய குடியிருப்பு அது. தங்க நிற புத்தர் சிலைகளின் முன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த ஒரே பயணத்தில், நேர் எதிரான இரண்டு தத்துவங்களைக் கடந்து வந்திருக்கிறார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோயிலின் வைணவம், உடல் அழியும், ஆன்மா அழியாது என்கிறது. பிறவிதோறும் உடலை மாற்றிக்கொண்டு போவது அதே ஆன்மா. இதில் குழப்பம் ஏதும் இல்லை. பைலகுப்பேயின் பௌத்தமோ, அப்படி நிலையான ஆன்மா எதுவும் கிடையாது என்று அடித்துச் சொல்கிறது. அதே மூச்சில், இறந்துபோன லாமா மறுபடி பிறந்திருக்கிறார் என்று ஒரு குழந்தையைத் தேடிப் பிடித்து ஆசனத்தில் அமர்த்துகிறது. போவதற்கு ஆளே இல்லை என்றால், வந்திருப்பது யார்?

இந்தக் கேள்வி புத்தர் காலத்திலேயே எழுந்துவிட்டது. மீனவர் மகனான ஸாதி என்ற துறவி, நம்முடைய உணர்வுதான் பிறவி விட்டுப் பிறவி ஓடுகிறது. பேசுவதும் அனுபவிப்பதும் வினைப்பயனை நுகர்வதும் அதே உணர்வுதான் என்று நம்பினார். மஜ்ஜிம நிகாயத்தின் 38ஆவது சூத்திரம் இந்தக் கதையைச் சொல்கிறது. புத்தர் அவரைக் கடுமையாகவே கண்டித்தார். கட்டையில் எரிந்தால் கட்டைத் தீ, புல்லில் எரிந்தால் புல் தீ. எரிபொருளை விட்டுத் தனியாக அலையும் தீ என்று ஒன்று இல்லை. உணர்வும் அப்படித்தான், கண்ணும் உருவமும் சேர்ந்தால் ஓர் உணர்வு, காதும் ஒலியும் சேர்ந்தால் வேறோர் உணர்வு. காரணங்கள் கூடும்போது பிறக்கிறது, விலகும்போது மறைகிறது. மறுபிறவியைக் கூடு விட்டுக் கூடு பாய்வதாக விளக்குகிறவர்கள் இன்றும் ஸாதியின் தவறைத்தான் செய்கிறார்கள்.

அப்படியானால் மரணத்தில் என்னதான் நடக்கிறது? தேரவாதத்தின் அபிதம்மம் இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறது. காவிரி கடலில் கலக்கும் காவிரிப்பூம்பட்டினத்தின் மடத்தில் இருந்துகொண்டு, ஐந்தாம் நூற்றாண்டில் இந்த இயலைப் பாலியில் தொகுத்து எழுதியவர் புத்ததத்தர். இந்த இயலின்படி, சாகும் தறுவாயில் மனத்தின் கடைசி ஓட்டம் ஏதாவது ஒன்றைப் பற்றிக்கொள்கிறது. அது தான் செய்த ஒரு செயலாக இருக்கலாம். அந்தச் செயலை நினைவூட்டும் ஓர் அடையாளமாக இருக்கலாம். அல்லது போகப் போகும் பிறவியின் ஒரு சாயலாக இருக்கலாம். பிறகு கடைசி எண்ணம் எழுந்து மறைகிறது. அது மறைந்த கணத்தை அடுத்து, இடைவெளி இல்லாமல் வேறோர் இடத்தில் முதல் எண்ணம் எழுகிறது. பாலியில் இதற்குப் பெயர் படிசந்தி, அதாவது மறு இணைப்பு. முதல் எண்ணத்துக்குக் கடைசி எண்ணம் காரணம். ஆனால் கடைசி எண்ணம் அங்கே போய்ச் சேரவில்லை. திபெத்தியர்கள் இங்கே சற்று மாறுபடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவில் அதிகபட்சம் 49 நாள் நீளும் ஓர் இடைநிலை உண்டு என்பது அவர்கள் கொள்கை. ஆன்மா இல்லை என்பதில் மட்டும் இருவரும் ஒன்று.

ஓலைச்சுவடியைப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். பழைய ஏடு செல்லரித்துப் போவதற்குள் அதைப் பார்த்துப் புதிய ஏட்டில் படியெடுப்பார்கள். பழைய ஓலையில் ஒரு துண்டுகூடப் புதிய ஏட்டுக்குப் போவதில்லை. ஆனால் முதல் ஏட்டில் விழுந்த பிழை மூன்றாவது ஏட்டிலும் இருக்கும். ஒரே பிழைகளைப் பார்த்துத்தான் இந்தச் சுவடி அந்தச் சுவடியின் வழி வந்தது என்று பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிக்கிறார்கள். உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்த பௌத்தக் காப்பியமான மணிமேகலையே இப்படிப் பல 'பிறவிகள்' எடுத்து நம்மிடம் வந்ததுதான். புதிய ஏடு பழைய ஏடும் அல்ல, அதற்குச் சம்பந்தமில்லாத வேறோர் ஏடும் அல்ல. ஒன்றே ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சுவடிக்கு எழுதுகிறவர் ஒருவர் உண்டு. பௌத்தத்தில் அப்படி ஒருவர் இல்லை. பழைய எண்ணமே புதிய எண்ணத்துக்குக் காரணமாகிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. செய்தது ஒருவர், அனுபவிப்பது இன்னொருவர் என்றால் அது எந்த ஊர் நியாயம்? ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குச் சற்று வடக்கே, மேல்கோட்டையில் வாழ்ந்த ராமானுஜர் தம் ஸ்ரீபாஷ்யத்தில் பௌத்தர்களை மடக்கும் இடங்களில் ஒன்று இதற்கு நெருக்கமானது. நேற்றுப் பார்த்தவனும் இன்று நினைவுகூர்பவனும் ஒருவனே என்று நாம் உணர்கிறோம். கணந்தோறும் அழியும் எண்ணங்களுக்கு அந்த உணர்வு எப்படி வரும் என்பது அவர் கேள்வி.

பௌத்தரின் பதில், நினைவும் படியெடுத்து வருவதுதான் என்பது. நேற்றைய எண்ணம் விட்டுச்சென்ற பதிவுதான் இன்றைய நினைவு. ஒருவருடைய தொடரில் விழுந்த பதிவு இன்னொருவருடைய தொடரில் தோன்றுவதில்லை. பொறுப்பும் இப்படியே. ஐந்து வயதுச் சிறுவனும் ஐம்பது வயதுக்காரரும் உடலாலும் மனத்தாலும் ஒன்றல்ல. ஆனாலும் இருபது வயதில் வாங்கிய கடனை ஐம்பதில் அடைக்க மறுத்தால் யாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒரே பிறவிக்குள் நாம் ஏற்றுக்கொண்டுவிட்ட ஏற்பாட்டை மரணத்துக்கு அப்பாலும் நீட்டுகிறது பௌத்தம். அப்படி நீட்டலாமா என்பதில் வைணவரும் பௌத்தரும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

பைலகுப்பேயிலேயே இதற்கு ஓர் உதாரணம் உண்டு. மேலைநாட்டினர் பலருக்குத் திபெத்திய பௌத்தம் கற்பித்த லாமா துப்தேன் யேஷே 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் காலமானார். அடுத்த ஆண்டு, ஸ்பெயினில் அவருடைய சீடர்களான தம்பதிக்குப் பிறந்த ஆண் குழந்தை அவருடைய மறுபிறவியாக அங்கீகரிக்கப்பட்டது. 1987இல் தர்மசாலாவில் அந்தக் குழந்தை, லாமா ஓசெல், ஆசனத்தில் அமர்த்தப்பட்டார். பின்னர் பைலகுப்பேயின் சேரா மடத்தில் படித்தார். லாசாவுக்கு அருகே 1419இல் நிறுவப்பட்ட சேரா மடத்தின் தொடர்ச்சி அது. பழைய சேராவில் யேஷேயும் படித்தவர். பதினெட்டு வயதானபோது ஓசெல் மடத்தை விட்டு வெளியேறினார். மாட்ரிட்டில் திரைப்படக் கலை படித்தார்.

'மறுபிறவி காலை வாரிவிட்டது' என்று இதைப் படிப்பவர்கள், யேஷேயின் ஆன்மா அந்தப் பையனுக்குள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். மடத்தின் கொள்கை அதுவல்ல. திபெத்திய மொழியில் இத்தகையவரை 'யங்சி' என்பார்கள். மறுபடி உண்டானது என்று பொருள். வந்தது பழைய ஆள் அல்ல, பழைய தொடர். புதிய பெற்றோர், புதிய மொழி, புதிய காலம் எல்லாம் அதில் காரணங்களாகச் சேர்கின்றன. விளைவு வேறாக இருப்பதில் முரண்பாடு இல்லை. ஓசெல் யேஷேயின் மறுபிறவிதானா என்பதை இது நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆன்மா இல்லாத மறுபிறவி என்றால் அது எப்படித் தோன்றும் என்பதை மட்டும் காட்டுகிறது.

பைலகுப்பேயை ஒட்டி, குஷால்நகர் பக்கமாக ஓடும் காவிரிதான் கிருஷ்ணராஜ சாகர் அணையில் தேங்கி, ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு வந்து இரண்டாகப் பிரிகிறது. நேற்று அங்கே ஓடிய நீர் இன்று அங்கே இல்லை. பெயர் மட்டும் காவிரி. அந்தப் பெயருக்குப் பின்னால் மாறாத ஒன்று இருக்கிறது என்கிறது தீவில் உள்ள கோயில். இருப்பது ஓட்டம் மட்டும்தான் என்கிறது மேலே உள்ள மடம்.