குறையும் ஏகாஸ், கரையும் லாபம்

இணையச் சந்தையில் பொருள் விற்பவர்கள் நாலு பேர் கூடினால் முதல் கேள்வியே "உங்க ஏகாஸ் எவ்வளவு?" என்பதுதான். பத்து சதவீதம் என்பவர் கெட்டிக்காரர். நாற்பது என்பவர் ஏமாளி. ஏகாஸ் குறைந்தால் லாபம் கூடும் என்ற இந்த நம்பிக்கைதான் பலருடைய கல்லாவைக் காலி செய்கிறது.

ஏகாஸ் என்பது விளம்பரச் செலவை விளம்பரம் வழியாக வந்த விற்பனையால் வகுத்தால் கிடைக்கும் சதவீதம். அந்த "விளம்பரம் வழியாக" என்ற சொல்லில்தான் கோளாறு. அமேசானில் ஒருவர் ஸ்பான்சர்டு புராடக்ட்ஸ் விளம்பரத்தைச் சொடுக்கி, 7 நாளுக்குள் பொருளை வாங்கினால், அது விளம்பரம் தந்த விற்பனையாகப் பதிவாகிறது. விளம்பரம் இல்லாவிட்டாலும் அவர் வாங்கியிருப்பாரா என்று கணக்கு கேட்பதில்லை. அதேபோல, விளம்பரத்தால் விற்பனை பெருகி, தேடல் பட்டியலில் பொருள் மேலே ஏறி, அதைப் பார்த்து இன்னொருவர் வாங்கினால் அதையும் விளம்பரத்தின் பெயரில் எழுதுவதில்லை. ஒரு பக்கம் உரிமையில்லாத பெருமை, மறுபக்கம் கிடைக்காத பெருமை.

கரூரில் பருத்தித் துண்டு தயாரித்து விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். சரக்கு, கமிஷன், கூரியர், வரி எல்லாம் போக நூறு ரூபாய்க்கு 25 ரூபாய் மிஞ்சுகிறது. மாத விற்பனை 4 லட்சம். இரண்டு விளம்பரங்கள் ஓடுகின்றன. தன் பிராண்டின் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டுவது ஒன்று: செலவு 4,000, விற்பனை 50,000, ஏகாஸ் 8. "காட்டன் பாத் டவல்" என்று பொதுவாகத் தேடுபவர்களுக்குக் காட்டுவது மற்றொன்று: செலவு 26,000, விற்பனை 65,000, ஏகாஸ் 40. விளம்பரச் செலவு 30,000 போக மாத லாபம் 70,000.

"மார்ஜினே இருபத்தஞ்சு, நாப்பது கொடுத்தா கட்டுமா?" என்று இரண்டாவதை நிறுத்துகிறார். பெயர் விளம்பரத்துக்கு 8,000 ஒதுக்குகிறார். இரண்டு மாதத்தில் பெயர் விளம்பரத்தின் விற்பனை 80,000 ஆகிறது. மொத்த ஏகாஸ் 26இலிருந்து 10க்கு இறங்குகிறது. ஆனால் மொத்த விற்பனை 2,60,000. லாபம் 57,000.

நடந்தது என்ன? நிறுத்திய விளம்பரத்தின் 65,000 நேரடியாகப் போயிற்று. அந்தத் தேடலில் விற்பனை குறையவே துண்டு முதல் பக்கத்திலிருந்து கீழே இறங்க, தானாக வந்துகொண்டிருந்த 75,000மும் கூடவே போயிற்று. பெயர் விளம்பரத்தில் கூடிய 30,000 புது விற்பனையே அல்ல. பெயரைத் தட்டித் தேடி எப்படியும் வாங்கியிருக்கக்கூடியவர்கள் இலவச வழியைவிட்டுக் கட்டண வழியில் வந்தார்கள். ஆக, ஏகாஸ் 40 என்று பழித்த விளம்பரம் 26,000 செலவில் 1,40,000 விற்பனையைத் தாங்கி நின்றது. அதன் உண்மையான விலை சுமார் 19 சதவீதம்.

இது கற்பனைக் கணக்குதான். ஆனால் பெயர்த் தேடலில் காசைக் கொட்டுவது வீண் என்பதை ஈபே நிறுவனமே சோதித்துப் பார்த்திருக்கிறது. 2012இல் தன் பெயருக்குக் கொடுத்துவந்த தேடல் விளம்பரத்தைச் சில தேடுபொறிகளில் நிறுத்தியது. இழந்த வருகையில் 99.5 சதவீதம் இலவச இணைப்பு வழியே திரும்பி வந்துவிட்டது. ஆனால் ஈபே எல்லாருக்கும் தெரிந்த பெயர். உங்கள் பெயரைத் தேடினால் போட்டியாளரின் துண்டு முதலில் நிற்கிறதென்றால், கொஞ்சம் காவல் செலவு நியாயம்தான்.

ஏகாஸைக் குறைப்பவர்களுக்கு எதிர்க் கோஷ்டியும் உண்டு. "ஏகாஸ் எவ்வளவு போனாலும் ஆர்கானிக்கில் வந்துடும்" என்று விளம்பர ஏஜென்சிகள் தரும் ஆறுதலும் இதே அளவு ஆபத்தானது. சொடுக்குபவர்கள் வாங்காமல் போகும் பொருளை எவ்வளவு விளம்பரமும் மேலே ஏற்றாது. தீபாவளிக்கு ஏறியதை விளம்பரம் ஏற்றியதாகச் சொல்வதும் சுலபம்.

தெரிந்துகொள்ள ஒரே வழி, நிறுத்திப் பார்ப்பது. ஒரே மாதிரி விற்கும் இரண்டு பொருள்களில் ஒன்றுக்கு மட்டும் பொது விளம்பரத்தை நிறுத்துங்கள். விலையையும் கையிருப்பையும் தொடாதீர்கள். தரவரிசை மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் ஆறு வாரமாவது பொறுங்கள். பிறகு விளம்பர அறிக்கையை மூடிவிட்டு, இரண்டு பொருள்களின் மொத்த விற்பனையை மட்டும் ஒப்பிடுங்கள். நிறுத்தியது கூடுதலாக இழந்த விற்பனைதான் அந்த விளம்பரம் உண்மையில் தந்தது. மிச்சப்படுத்திய செலவை அதனால் வகுங்கள். வரும் சதவீதம் உங்கள் மார்ஜினுக்குக் கீழே இருந்தால் விளம்பரத்தைத் திரும்ப ஓட்டுங்கள். மேலே இருந்தால், திரையில் ஏகாஸ் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் நிறுத்தியது நிறுத்தியதாகவே இருக்கட்டும்.