95 சதவீதம் என்பது எதற்கான உறுதி?

நமது வாட்ஸ்அப் குழுக்களுக்கு அடிக்கடி வரும் படம் ஒன்று உண்டு. ஏதோ ஒரு கூட்டத்தில் திரையில் காட்டப்பட்ட ஆய்வுச் சுருக்கத்தை யாரோ கைத்தொலைபேசியில் எடுத்திருப்பார்கள். ஓரம் வெட்டுப்பட்டிருக்கும், ஓர் இலக்கம் மங்கியிருக்கும். கீழே எழுதிய முடிவு மட்டும் தெளிவாக இருக்கும்: "ஊருக்கு அனுப்பும் பணம் குறைந்துவிட்டது. நாம் மறக்கத் தொடங்கிவிட்டோம்." அடுத்த அரை மணித்தியாலத்தில் குழு இரண்டாகப் பிரிந்துவிடும்.

அந்த முடிவைப் படத்தில் உள்ள எண்கள் தாங்குகின்றனவா? கணக்கு இலகுவாக இருக்க, எண்களை நாமே வைத்துப் பார்ப்போம். ஒரு குடும்பம் மாதத்துக்கு ஊருக்கு அனுப்பும் தொகை பற்றிய படம் அது. அதில் Mean = 180 யூரோ, SD = 120, SE = 15 என்று இருக்கிறது. n என்பது 64 ஆகவும் தெரிகிறது, 84 ஆகவும் தெரிகிறது. சென்ற ஆண்டுச் சராசரி 200 என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.

முதலில் மங்கிய இலக்கம். SD என்பது நியம விலகல். குடும்பத்துக்குக் குடும்பம் தொகை எவ்வளவு வேறுபடுகிறது என்பதைக் காட்டுவது. SE என்பது நியம வழு. நமக்குக் கிடைத்த சராசரி எவ்வளவு ஆடக்கூடும் என்பதைக் காட்டுவது. நியம விலகலை n இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் நியம வழு வரும். 120 ஐ 15 ஆல் வகுத்தால் 8. எட்டின் வர்க்கம் 64. ஆகவே அந்த இலக்கம் 6 தான்.

இனி நம்பிக்கை ஆயிடை. 64 குடும்பங்கள் என்றால் நியம வழுவை ஏறத்தாழ 2 ஆல் பெருக்க வேண்டும். பத்துக் குடும்பங்கள் மட்டும் என்றால் அது 2.26 ஆகும். 15 இன் இருமடங்கு 30. எனவே 95 சதவீத ஆயிடை 150 இலிருந்து 210 வரை.

இங்கே பலர் தவறுவது, 15 ஐ நியம விலகல் என்று எண்ணி மீண்டும் 8 ஆல் வகுப்பதில்தான். அப்போது ஆயிடை ஏறத்தாழ 176 முதல் 184 வரை என்று சுருங்கி, பொய்யான துல்லியம் காட்டும். தலைப்புகள் வெட்டுப்பட்ட படத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சில குடும்பங்கள் எதுவும் அனுப்புவதில்லை, சில குடும்பங்கள் 500 யூரோ அனுப்புகின்றன என்றால், குடும்பங்களுக்கிடையிலான வேறுபாடு வெறும் 15 யூரோவாக இருக்க முடியுமா?

சரி, 95 சதவீதம் என்பது என்ன? 95 சதவீதமான குடும்பங்கள் 150 க்கும் 210 க்கும் இடையில் அனுப்புகின்றன என்பதல்ல. தொகைகள் மணி வடிவில் பரந்திருந்தால்கூட, அந்த இடைவெளியில் ஐந்தில் ஒரு குடும்பம்தான் இருக்கும். உண்மைச் சராசரி இந்த ஆயிடைக்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு உண்டு என்பதும் சரியான வாசிப்பல்ல. இந்த முறையை 1930களில் வகுத்த யேர்சி நெய்மன், அந்தச் சதவீதத்தை விடைக்கு அல்ல, முறைக்கே கொடுத்தார்.

திருவிழாக் கடையில் வளையம் எறிவதை நினைத்துக்கொள்வோம். முளை ஓரிடத்தில் அசையாமல் நிற்கிறது. அதுதான் உண்மைச் சராசரி. வளையம் ஒவ்வொரு எறிதலிலும் வேறிடத்தில் விழுகிறது, அதுதான் ஆயிடை. இதே முறையில் 100 ஆய்வுகள் செய்தால், ஏறத்தாழ 95 வளையங்கள் முளையைச் சுற்றி விழும். நம் கையில் இருப்பது ஒரு வளையம் மட்டுமே. அது விழுந்ததா, தவறியதா என்று படம் சொல்லாது.

இப்போது அந்தச் சண்டைக்கு வருவோம். சென்ற ஆண்டின் 200 இந்த ஆண்டின் ஆயிடைக்கு உள்ளேயே இருக்கிறது. அந்த 200 க்கும் அதற்கே உரிய ஆட்டம் உண்டு. எனவே "குறைந்துவிட்டது" என்று இந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது. "குறையவில்லை" என்றும் சொல்ல முடியாது. 64 குடும்பங்களைக் கொண்டு 20 யூரோ வித்தியாசத்தைப் பிடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆயிடை பாதியாகச் சுருங்க வேண்டுமென்றால் நான்கு மடங்கு, அதாவது 256 குடும்பங்களைக் கேட்க வேண்டும்.

அதுவும் குடும்பங்களை எழுமாறாகத் தெரிவுசெய்திருந்தால்தான். கோயில் வாசலில் படிவம் கொடுத்திருந்தால், கடன் சுமையால் அனுப்ப முடியாமல் வெட்கப்பட்டு ஒதுங்கியவர் அந்த 64 இல் இருக்கமாட்டார். அந்தப் பிழையை எந்தச் சதவீதமும் அளப்பதில்லை. ஆயிரம் பேரைக் கேட்டாலும் அது தீராது. அடுத்த முறை படம் வரும்போது, மறந்தது யார் என்று கேட்பதற்கு முன், படிவத்தை யாரிடம் கொடுத்தார்கள் என்று கேட்போம்.