‘வேண்டாம்’ எண்டதுக்கு விளக்கவுரை கேட்காதேங்கோ

எங்கட ஆக்களிட்ட ஒரு பழக்கம் இருக்கு. ஒரு பிள்ளை வந்து, “விருப்பமில்லை எண்டு சொல்லிப்போட்டன், அதுக்குப் பிறகும் அவன் மெசேஜ் போட்டுக்கொண்டே இருக்கிறான்” எண்டு சொன்னால், முதல் கேள்வி அவளிட்டத்தான் வரும். “நீ வடிவாச் சொன்னனியோ?” அடுத்தது, “பாவம் பெடியன், ஒருக்கா மனசு நோகாமக் கதைச்சு விளங்கப்படுத்தி விடன்.” வெள்ளவத்தையில் ஃபிளாட்டுக்கு ஃபிளாட் இந்த ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். கொட்டாஞ்சேனையிலும் அதேதான். இந்த ஆலோசனை பிழை எண்டு சொல்லத்தான் இதை எழுதுகிறோம். நல்லெண்ணத்தில் சொல்லப்படுகிற ஆலோசனைதான், ஆனால் நிலைமையை மோசமாக்குகிற ஆலோசனை.

எங்களுக்குத் தெரிந்த ஒருத்தியின் கதையை, ஆளை அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாத்திச் சொல்லுகிறோம். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, கோட்டையில் வேலை. டிண்டரில் ஒருத்தனோடு மேட்ச் ஆகி, ஒன்பது நாள் கதைத்து, வட்ஸ்அப் நம்பர் குடுத்து, வெள்ளவத்தைக் காலி வீதியில் ஒரு கோப்பிக் கடையில் ஒருதரம் சந்தித்தாள். ஒத்துவரவில்லை. அடுத்தநாளே, “உங்களைச் சந்திச்சது சந்தோசம், ஆனா எனக்கு இப்ப எக்ஸாம் இருக்கு, வீட்டிலயும் விடமாட்டினம்” எண்டு அனுப்பினாள். அவன் “ஓகே, ஃப்ரெண்ட்ஸா இருப்பம்” எண்டான். அடுத்த கிழமை முழுக்க காலை வணக்கம், “சாப்பிட்டீங்களா”, மழைப் படம். பிறகு, “எக்ஸாம் முடிஞ்சுதா?” அதுக்கும் பிறகு, “வீட்டில விடமாட்டினம் எண்டால் அம்மாவைக் கதைக்கச் சொல்லட்டா?”

இதில் கவனிக்க ஒண்டு இருக்கு. எக்ஸாமும் வீடும் அவள் மரியாதைக்குச் சொன்ன காரணங்கள். அவன் அவற்றை நீக்கவேண்டிய தடைகளாக எடுத்துக்கொண்டான். எக்ஸாம் முடியும். வீட்டோடு அம்மா கதைப்பா. “இப்ப பிஸி”, “நான் இன்னும் ரெடி இல்லை”, “நீங்க நல்லவர், ஆனா...” எல்லாம் இதே ரகம்தான். அதனால்தான் மறுப்புச் சொல்லும்போது காரணமே வேண்டாம் எண்டு சொல்லுகிறோம். “எனக்கு இதில விருப்பமில்லை. இனி எனக்கு மெசேஜ் பண்ண வேண்டாம்.” ரெண்டு வசனம் போதும். ‘சொறி’ தேவையில்லை. சிரிப்பு இமோஜி கட்டாயம் தேவையில்லை. முதலாவது வசனம் உங்கட மனநிலை, ரெண்டாவது அவன் செய்யவேண்டியது. பலர் முதலாவதைச் சொல்லி ரெண்டாவதை விட்டுவிடுகிறார்கள். பிறகு “மெசேஜ் பண்ணவேண்டாம் எண்டு அவ சொல்லவே இல்லையே” எண்டு ஒருத்தன் நியாயம் பேசுவான்.

எங்கட பிள்ளையும் கடைசியில் இந்த ரெண்டையும் அப்படியே அனுப்பினாள். அதோடு கதை முடிந்திருக்க வேணும். முடியவில்லை. “என்ன காரணம் எண்டு மட்டும் சொல்லுங்கோ, பிறகு நான் போறன்” எண்டு தொடங்கினான். அவள் பதில் போடவில்லை. மூண்டு கிழமையில் நாற்பதுக்கும் மேல் மெசேஜ். ஒரு ராத்திரி, நித்திரை கெட்டு, “ப்ளீஸ், என்னை விடுங்க” எண்டு அனுப்பினாள். ஒரு நிமிசத்தில் பதில் வந்தது. அடுத்த நாளிலிருந்து மெசேஜ் இரட்டிப்பானது.

ஏன் இப்படி? அமெரிக்கப் பாதுகாப்பு ஆலோசகர் கேவின் டி பெக்கர் 1997 இல் எழுதிய பயத்தின் பயன்பற்றிய புத்தகத்தில் இதை நேராக விளக்குகிறார். முப்பது தரம் அழைத்தவனுக்கு முப்பத்தோராவது தரம் ஃபோனை எடுத்து நீங்கள் கத்தினாலும், அவன் அதிலிருந்து படிக்கிறது ஒண்டுதான்: உங்களோடு கதைக்க முப்பது அழைப்புச் செலவாகும். நீங்கள் என்ன சொன்னீர்கள் எண்டது அவனுக்கு இரண்டாம்பட்சம், நீங்கள் பதில் போட்டீர்கள் எண்டதே அவனுக்குப் போதும். ஆகவே அந்த “மனசு நோகாம விளங்கப்படுத்து” எண்ட ஆலோசனை என்ன செய்யுது எண்டு யோசியுங்கோ. விளங்கப்படுத்துகிற ஒவ்வொரு தரமும் விலையைப் புதுப்பிக்குது. கோபத்தில் ஏசுகிறதும் அதே வேலையைத்தான் செய்யும்.

தெளிவாக ஒருதரம் சொன்ன பிறகு மௌனம். ஆனால் மௌனம் எண்டால் சும்மா இருக்கிறது இல்லை. அந்த நேரத்தில் செய்ய ஒரு வேலை இருக்கு, அதைத்தான் கனபேர் தவறவிடுகிறார்கள். எரிச்சலில் முதல் வேலையாக அன்மேட்ச் பண்ணி, சட்டை அழித்து, புளொக் பண்ணிவிடுவார்கள். டிண்டரில் அன்மேட்ச் பண்ணினால் முழு உரையாடலும் உங்கட பக்கத்திலிருந்தும் போய்விடும். அவன் முந்திக்கொண்டு அன்மேட்ச் பண்ணினாலும் அப்படித்தான். வட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாவிலும் அனுப்பினவன் தானே திரும்ப அழிக்கலாம். அதனால் மெசேஜ் வரவர ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ. திகதி, நேரம், நம்பர் அல்லது கணக்கின் பெயர் தெரியவேணும். நீங்கள் வேண்டாம் எண்டு சொன்ன மெசேஜ் கட்டாயம் அதில் இருக்கவேணும், ஏனெண்டால் அதுக்கு முன்னால் வந்தது அரட்டை, அதுக்குப் பின்னால் வந்தது தொல்லை. வட்ஸ்அப்பில் `Export chat` கொடுத்தால் முழு உரையாடலும் நேரத்தோடு ஒரு கோப்பாக வரும், அதை உங்களுக்கே மெயில் பண்ணி வைக்கலாம். பிறகு ரிப்போர்ட் பண்ணுங்கோ. வட்ஸ்அப்பில் ரிப்போர்ட் பண்ணும்போது அந்த நம்பரிலிருந்து வந்த கடைசி ஐந்து மெசேஜ் நிறுவனத்துக்குப் போகும், ரிப்போர்ட் பண்ணினது ஆர் எண்டு அவனுக்குத் தெரியாது. புளொக் எல்லாத்துக்கும் கடைசி.

புளொக்கோடு எல்லாம் முடியும் எண்டு நாங்கள் சொல்லவில்லை. எங்கட கதையில் அவன் இன்ஸ்டாவில் ரெண்டு புதுக் கணக்குத் திறந்தான். (இன்ஸ்டா புளொக் பண்ணும்போது அந்த ஆளின் மற்றக் கணக்குகளையும் இனித் திறக்கிற கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கவா எண்டு கேட்கும். அதைத் தெரிவுசெய்யுங்கோ. வேறு ஃபோன், வேறு மெயில் எண்டால் தப்பிவிடும்.) அதுவும் சரிவராமல் அவளின் நம்பருக்கு நூறு ரூபா ரீலோட் போட்டான். சிரிக்காதேங்கோ. ஒஸ்திரேலியாவில் கொமன்வெல்த் வங்கி 2020 இல் தேடிப்பார்த்தபோது, மூண்டு மாதத்துக்குள் 8,000க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளுக்குச் சின்னச்சின்னத் தொகைகளை அனுப்பி, குறிப்பு எழுதுகிற இடத்தில் வசவும் மிரட்டலும் எழுதியிருந்ததைக் கண்டது. கதவெல்லாம் சாத்தினால் வங்கிக் கணக்கும் கதவாகும். இப்படிப் பாதை மாத்துகிறவன் ‘பாவம் பெடியன்’ இல்லை. எண்ணிக்கையைவிட இந்தப் பாதை மாத்தலைத்தான் நாங்கள் ஆபத்தின் அடையாளமாகப் பார்க்கிறோம். வேலையிடத்தின் பெயரைச் சொல்லுகிறது, “இண்டைக்கு நீலச் சட்டை” எண்டு எழுதுகிறது, உங்கட லேன் வாசலில் நிண்டு படம் அனுப்புகிறது எல்லாம் அடுத்த கட்டம். அந்தக் கட்டத்தில் அவன் என்ன நினைக்கிறான் எண்டு தெரியிறதே பாதுகாப்பு. அப்ப புளொக் பண்ணாமல், சத்தத்தை நிப்பாட்டி, சட்டை ஆர்க்கைவில் போட்டு, பதில் போடாமல் சேர்த்து வைக்கலாம். வீட்டில் ஒருத்தருக்கும் வேலையிடத்தில் ஒருத்தருக்கும் அவன்ட படத்தைக் காட்டி வையுங்கோ.

சட்டம் என்ன சொல்லுது? இந்தியாவில் 2013 இல் தண்டனைச் சட்டத்தில் 354டி எண்ட பிரிவைச் சேர்த்தார்கள், இப்ப அது புதிய சட்டத்தில் 78ஆம் பிரிவு. ஒரு பெண் தெளிவாக விருப்பமின்மையைக் காட்டின பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்கிறது அதன்படி குற்றம், முதல்தரம் மூண்டு வருசம்வரை சிறை. லண்டனில் இருக்கிற உங்கட மச்சாளைக் கேட்டால், அங்க 1997 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரெண்டு தரமே போதும் எண்டு சொல்லுவா. இலங்கையில் பின்தொடர்தலுக்கு எண்டு தனிக் குற்றம் இல்லை. இருக்கிறது தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு, 1995 இல் திருத்தப்பட்டது. சொல்லாலோ செயலாலோ பாலியல் தொந்தரவு செய்தால் ஐந்து வருசம்வரை சிறை அல்லது குற்றப்பணம் அல்லது ரெண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. நல்ல பிரிவுதான். ஆனால் “சாப்பிட்டீங்களா” எண்டு நூறு தரம் கேட்டவனை அதுக்குள் அடக்குகிறது கஷ்டம். ஆபாசமும் இல்லை, மிரட்டலும் இல்லை, நித்திரை மட்டும் இல்லை. இந்த இடைவெளியைப் பற்றி எங்கட அரசியல்வாதிகள் ஒருத்தரும் வாய் திறந்து நாங்கள் கேட்டதில்லை.

அதுக்காகப் பொலிஸுக்குப் போகவேண்டாம் எண்டு இல்லை. என்ட்ரி ஒண்டு போட்டு அதின்ட இலக்கத்தை வாங்கி வைத்தால், நாளைக்கு அவன் ஒரு படி மேலே போகும்போது அது முதல் தடவை இல்லை எண்டு காட்டலாம். கொழும்பில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதிப்போட்டுக் கையெழுத்து வை எண்டுதான் நீட்டுவார்கள். தமிழில் அலுவல் பார்க்கிற உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகுது, அதைக் கேளுங்கோ. குறைந்தது, வாசிக்கத் தெரிந்த ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போய், முழுக்க வாசித்துக் காட்டின பிறகு கையெழுத்து வையுங்கோ. தனியப் போகத் தயக்கமெண்டால் அரசாங்கத்தின் பெண்கள் உதவி இலக்கம் 1938. இணையத் தொல்லைக்கு ஹிதவதி எண்ட சேவை தமிழிலும் உதவும்.

சினிமாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்களுக்கே நித்திரை வராது. 2016 ஜூன் 24 காலை சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் 24 வயது சுவாதி வெட்டிக் கொல்லப்பட்டார். கைதானவர் அவரைப் பின்தொடர்ந்தவர் எண்டு பொலிஸ் சொன்னது. விசாரணைக்கு முதலே அவர் சிறையில் இறந்ததால் அது நீதிமன்றத்தில் தீரவே இல்லை. ஆனாலும் அந்த நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பேசினது, வேண்டாம் எண்ட பெண்ணைத் துரத்துகிறதைக் காதலாகக் காட்டுகிற படங்களைப் பற்றித்தான். அதே வருசம் ஒக்டோபரில் ‘ரெமோ’ வந்தது. கலியாணம் நிச்சயமான ஒரு டொக்டரை, நேர்ஸ் வேசம் போட்டு ஏமாத்தி மனம் மாத்துகிறவன்தான் கதாநாயகன். காலி வீதிக்காரர் நாங்களும் கைதட்டித்தான் பார்த்தோம்.

அந்தக் கைதட்டின்ட தொடர்ச்சிதான் எங்கட நண்பர்கள். புளொக்கும் ரீலோட்டும் சரிவராதபோது அவன் கடைசியாகப் பிடித்தது அவளின் பழைய பள்ளித் தோழியை. கொழும்புத் தமிழருக்குள் ரெண்டு பேருக்குத் தெரியாத மூண்டாவது ஆள் இல்லை. தோழி, “அவன் அழுறான்டி, ஒருக்கா மட்டும் கதை” எண்டு வொய்ஸ் நோட் அனுப்பினாள். புளொக் பண்ணின கதவை வெளியிலிருந்து திறந்துவிட்டது அவள்தான். கலியாணப் பேச்சில் குறிப்புப் பொருந்தின மாப்பிள்ளை எண்டால் இந்த வேலையை மாமி செய்வா, புரோக்கர் செய்வார். உங்களிட்ட அப்படி ஒருத்தன் வந்து அழுதால், அவனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் குடுங்கோ, கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, விடிய விடியக் கதையுங்கோ. அவளிட்ட ஒரு செய்தியும் கொண்டுபோகாதேங்கோ. அவள் என்ன செய்கிறாள், எங்க வேலை மாறினாள் எண்டு அவன் கேட்டால் தெரியாது எண்டு சொல்லுங்கோ.