கையெழுத்துப் போடுமுன் அந்தத் தாளைப் படியுங்கள்

அரியாங்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். சற்று நீளமான பதிவு. வீட்டில் படிக்கத் திணறும் பிள்ளை உள்ளவர்கள் கடைசி வரை படியுங்கள்.

கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகப் பள்ளியில் பெற்றோரை அழைத்துக் கூட்டம் நடத்துகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் கூட்டம் முடிந்து எழுதும் குறிப்பு பெரும்பாலும் மூன்றே வரிதான்: "மாணவனுக்குத் தனிக்கவனம் செலுத்தப்படும். பெற்றோர் ஒத்துழைக்க வேண்டும். விரைவில் மறுஆய்வு செய்யப்படும்." இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் யார், என்றைக்கு, எவ்வளவு என்றும் இல்லை. ஆறு மாதம் கழித்து எதை வைத்துக் கேள்வி கேட்பது?

போன வருடம் உறவுக்காரப் பையன் ஒருவனுக்காக இப்படி ஒரு கூட்டத்துக்கு நானும் போனேன். ஐந்தாம் வகுப்பு. வாயால் கேட்டால் டக்கென்று பதில் சொல்வான், புத்தகத்தைத் திறந்தால் முகம் சுருங்கிவிடும். அங்கேயும் அந்த மூன்று வரிதான் எழுதியிருந்தார்கள். "சார், இதையே கொஞ்சம் விரித்து எழுதலாமா?" என்று கேட்டேன். தலைமையாசிரியர் மறுக்கவில்லை.

முதலில் இன்றைய நிலை. இரண்டாம் வகுப்புப் பாடப் பத்தி ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். ஒரு நிமிடத்தில் 22 சொற்களைச் சரியாகப் படித்தான், 7 பிழை. அதை அப்படியே எழுதினோம். "படிப்பில் பின்தங்கியவன்" என்று எழுதினால் அது பிள்ளைக்கு ஒட்டிய முத்திரை. "22 சொல்" என்று எழுதினால் அங்கிருந்து ஏறலாம்.

அடுத்து, யார் என்ன செய்வது. சிறப்பாசிரியர் செவ்வாய், வியாழன் 30 நிமிடம். விளையாட்டு வகுப்பில் கை வைக்கக் கூடாது. வகுப்பாசிரியர் முன்னறிவிப்பில்லாமல் எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லக் கூடாது. தேர்வில் கேள்வித்தாளை வாசித்துக் காட்ட வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதல் தர வேண்டும். அம்மா இரவில் பத்து நிமிடம் கூடவே உட்கார்ந்து படிக்க வேண்டும். பத்து தடவை எழுது என்று தண்டிக்கக் கூடாது.

மூன்றாவது தேதி. கூட்டம் நடந்தது ஜூலை 11. மறுஆய்வு ஆறு வாரம் கழித்து, ஆகஸ்ட் 22. அதே அளவுள்ள வேறொரு பத்தியில் 40 சொல், 4 பிழைக்குள் என்பது இலக்கு.

ஆகஸ்ட் 22-இல் பையன் படித்தது 31 சொல். "பாருங்கள், முன்னேற்றம் போதவில்லை" என்று ஒருவர் ஆரம்பித்தார். பதிவேட்டைப் பார்த்தோம். 12 வகுப்பு நடந்திருக்க வேண்டும், நடந்தது 7. சிறப்பாசிரியருக்கு வேறு பள்ளிகளும் இருந்தன. ஏழே வகுப்பில் 9 சொல் கூடியிருக்கிறது என்றால் கற்பிக்கும் முறை வேலை செய்கிறது, வகுப்புதான் நடக்கவில்லை. 12-உம் நடந்து ஒரு சொல்கூடக் கூடாமல் இருந்தால் முறையை மாற்ற வேண்டும். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. எண் எழுதி வைக்காவிட்டால் பழி நேராகப் பிள்ளை தலையில்தான் விழும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறியவும், ஒவ்வொரு பிள்ளையின் முன்னேற்றத்தையும் கண்காணிக்கவும் சொல்கிறது. ஆனால் அமெரிக்காவில் 1975-இலேயே வந்ததுபோல, ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்துத் திட்டம் போட்டு ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுஆய்வு செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் நம் சட்டத்தில் இல்லை. ஆகவே நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

காகிதம் எழுதினால் சிறப்பாசிரியர் வந்துவிடுவாரா? வரமாட்டார். தொடக்க வகுப்புகளில் இத்தகைய பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் சொன்னது. ஒருவரே பல பள்ளிக்கு ஓடும் நிலைமையில் அவரைக் கோபித்துப் பயனில்லை. ஆனால் "12-இல் 7" என்று எழுத்தில் இருந்தால், அதை வைத்துத் தலைமையாசிரியரே மேலே ஆள் கேட்கலாம். நாங்கள் போன பள்ளியில் அப்படித்தான் கடிதம் போனது.

இன்னொன்று. நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மூன்று மணி நேரத் தாளுக்கு ஒரு மணி நேரம் கூடுதல் கேட்க மருத்துவச் சான்றிதழ் வேண்டும். அதோடு, சின்ன வகுப்பிலிருந்தே இந்த உதவி தேவைப்பட்டது என்று காட்ட இந்தத் தாள்கள் கைகொடுக்கும். ஒவ்வொரு கூட்டத்தின் நகலையும் கேட்டு வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள்.

வெறும் வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கி அனுப்பினால், "குறிப்பை எழுதி முடியுங்கள் டீச்சர், படித்துவிட்டுப் போடுகிறேன்" என்று பணிவாகச் சொல்லுங்கள். அடுத்த மறுஆய்வுத் தேதி அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தேதி இல்லையென்றால் அங்கேயே கேட்டு எழுத வையுங்கள்.