பீடிக் கட்டில் இருப்பது குவாட்டரில் ஏன் இல்லை?

ஆசிரியருக்கு,

பீடிக் கட்டோ சிகரெட் பாக்கெட்டோ, எதை எடுத்தாலும் உறையின் 85 சதவீதத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. 2016 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். அதை வாங்கிய அதே ஆள் டாஸ்மாக் கடையில் வாங்கும் குவாட்டர் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். மது உடல்நலத்துக்குக் கேடு, குடித்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் கட்டாயமாக்கிய வரி இருக்கும். புற்றுநோயைப் பற்றி ஒரு சொல் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையோ, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில், அதாவது புகையிலை இருக்கும் அதே வரிசையில், மதுபானத்தை 1988-லேயே சேர்த்துவிட்டது. தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து சில்லறையில் மது விற்பது அரசு நிறுவனமே. தான் விற்கும் சரக்கைப் பற்றி அரசு முழு உண்மையைச் சொல்லவில்லை என்பதுதான் என் புகார்.

இப்போதுள்ள எச்சரிக்கையைப் படிக்கும் எவரும் அது தனக்கில்லை, மொடாக்குடியனுக்கு என்றுதான் எடுத்துக்கொள்கிறார். கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டாரத்தில் சுகாதார ஆய்வாளராக வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் கேட்ட பேச்சு இது: "நான் என்ன சார் விழுந்து கிடக்கிறவனா? சாயங்காலம் உடம்பு வலிக்கு ஒரு கட்டிங், அவ்வளவுதான்." சளிக்கு பிராந்தி நல்லது என்று நம்புபவர்களும் உண்டு.

அந்தக் கட்டிங்கைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். குவாட்டர் என்பது 180 மில்லி. நம் ஊர் பிராந்தி, ரம், விஸ்கியில் எத்தனால் 42.8 சதவீதம். எடையில் சொன்னால் ஒரு குவாட்டருக்குள் ஏறக்குறைய 60 கிராம் எத்தனால் இருக்கிறது. பாதியான கட்டிங்கில் 30 கிராம். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் ஒரு பெரிய பாட்டிலில் 40 கிராம். பீர்தானே என்று அலட்சியமாகச் சொல்பவர்கள் கட்டிங்கைவிட அதிகமாகக் குடிக்கிறார்கள்.

டாடா நினைவு மையத்தின் ஆய்வாளர்கள் 2025 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் வந்த இந்திய ஆண்கள் 1,800 பேரையும், நோயில்லாத ஏறக்குறைய அதே எண்ணிக்கை ஆண்களையும் ஒப்பிட்டார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 9 கிராம் எத்தனால் குடிப்பவர்களுக்கே குடிக்காதவர்களைவிட ஆபத்து ஏறத்தாழ 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. 9 கிராம் என்பது முப்பது மில்லி கூட இல்லை. நம்மவர் 'அளவாக' என்று சொல்லும் கட்டிங் அதைப்போல் மூன்று மடங்கு.

50 சதவீதம் என்றால் குடிப்பவர்களில் பாதிப் பேருக்குப் புற்றுநோய் வரும் என்று அர்த்தமில்லை. பத்துப் பேருக்கு வந்திருக்க வேண்டிய இடத்தில் பதினைந்து பேருக்கு வருகிறது என்று பொருள். எவ்வளவு குடித்தேன் என்று அவரவர் நினைவிலிருந்து சொன்னதை வைத்துச் செய்த ஆய்வு இது என்பதால் கிராம் கணக்கு முன்பின் இருக்கலாம். ஆனாலும் முடிவு நம்பத்தக்கது. மற்ற நாடுகளின் ஆய்வுகளும் இதே திசையில்தான் போகின்றன. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதும் தெரிந்த விஷயமே.

குடித்த எத்தனாலை உடம்பு முதலில் அசிடால்டிஹைடு என்ற நச்சாக மாற்றுகிறது. அதற்குப் பிறகு இன்னொரு நொதி வந்து அதைத் தீங்கில்லாத அசிட்டேட்டாக மாற்றுகிறது. இந்த இடைவெளியில்தான் சேதம். டி.என்.ஏ. என்பது இரண்டு புரிகளாகத் திரித்த கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். செல் பிரியும்போது புரிகளும் பிரிய வேண்டும். அசிடால்டிஹைடு அவற்றை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடுகிறது. ஒட்டிய இடம் பிரியாமல் அறுகிறது. அறுந்த முனைகள் சில சமயம் இடம்மாறிச் சேர்ந்துகொள்கின்றன. கேம்பிரிட்ஜில் கேத்தன் பட்டேல் குழுவினர் எலிகளின் ரத்தக் குருத்தணுக்களில் இதைக் கண்டு 2018-இல் வெளியிட்டார்கள். நச்சை முறிக்கும் நொதி இல்லாத எலிகளில் சேதம் நான்கு மடங்கு இருந்தது. எலியில் கண்டது அப்படியே மனிதருக்குப் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் நச்சும் ஒன்றே, அதை முறிக்கும் வழியும் ஒன்றே.

பழுது பார்க்கும் ஏற்பாடு நம் செல்களிலும் இருக்கிறது, பெரும்பாலான அறுப்புகளைச் சரிசெய்தும் விடுகிறது. எந்த அறுப்பு தப்பாகச் சேரும் என்பது மட்டும் யார் கையிலும் இல்லை. அதனால்தான் இதற்குக் கீழே பயமில்லை என்று ஓர் அளவைக் காட்ட முடியவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2023 ஜனவரியில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என அறிவித்தது.

வாய்க்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. கல்லீரல் வரை போகவேண்டிய அவசியமே இல்லை, வாயில் வாழும் பாக்டீரியாக்களே எத்தனாலை அசிடால்டிஹைடாக மாற்றி எச்சிலில் கலந்துவிடுகின்றன. மது வாயின் உள்தோலையும் பலவீனப்படுத்துகிறது. ஹான்ஸ், கூல் லிப் என்று கன்னத்தில் அடக்கிவைக்கும் புகையிலையின் விஷம் சுலபமாக உள்ளே இறங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் பழகியவர்களுக்கு ஆபத்து நான்கு மடங்கைத் தாண்டியது என்கிறது அதே இந்திய ஆய்வு. நம் கடைகளின் வாசலில் இரண்டும் தனித்தனியாகவா நடக்கிறது?

அயர்லாந்து 2023-இல் மது பாட்டிலில் புற்றுநோய் எச்சரிக்கையைச் சட்டமாக்கியது. 2026-இல் நடைமுறைக்கு வரவேண்டியதை 2028-க்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். அங்கே எதிர்த்தது தனியார் மது ஆலைகள். இங்கே விற்பனை முழுவதும் அரசிடம். 2024-25-இல் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய். லேபிளில் ஒரு வரியை மாற்ற அதில் எவ்வளவு செலவாகிவிடும்? கடையை மூடு என்று நான் எழுதவில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள், தேர்தலுக்குத் தேர்தல் பேசுகிறார்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். பாட்டிலில், "குறைந்த அளவு மதுவும் வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும்" என்று படிக்கும் அளவு எழுத்தில் தமிழில் அச்சிடுங்கள். உள்ளே எத்தனை கிராம் எத்தனால் என்று பக்கத்திலேயே போடுங்கள். கடையின் விலைப்பட்டியலுக்கு அருகே இன்னொரு பலகை வையுங்கள்: இரண்டு வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு அல்லது சிவப்புத் திட்டு, முன்போல் வாயைத் திறக்க முடியாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் அரசு மருத்துவமனையில் காட்டவும். நான் பார்த்தவர்களில் பலர் வலி வந்த பிறகே மருத்துவரிடம் போனார்கள். இந்த நோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதையும் அந்தப் பலகையில் எழுத வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர்,
கீழ்பென்னாத்தூர், திருவண்ணாமலை மாவட்டம்.